ரகரமா, காலா? படத்தில் கிடைத்த பாமினி எழுத்தை யூனிகோடில் தட்டும்போது

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் பழைய மாணவர் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் எனக்கு வாட்சப்பில் இரண்டு படங்கள் அனுப்பினார். முதலாவது, பல வருடங்களுக்கு முன் அச்சடித்த ஒரு விழா அழைப்பிதழைக் கைபேசியில் பிடித்த படம். அதில் தமிழ் எழுத்து தமிழாகவே தெரிந்தது. இரண்டாவது, அதே அழைப்பிதழின் கோப்பை யாரோ தங்கள் போனில் திறந்தபோது எடுத்த ஸ்கிரீன்ஷாட். அதன் முதல் மூன்று வரிகள் இப்படி இருந்தன:

```
xsitahh; tpoh
Xa;Tngw;w Mrphpah;fs; nfsutpg;G
ntspaPL - gioa khzth; rq;fk;> aho;g;ghzk;
```

மூலக் கோப்பு இப்போது யாரிடமும் இல்லை. மடித்து வைத்திருந்த அழைப்பிதழின் பின்பக்கம் ஈரத்தில் ஊறிப் போய்விட்டது. சங்கத்தின் வரலாற்றைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த அவருக்கு அந்த விவரங்கள் வேண்டும். "இது கன்வர்ட்டருக்குள்ள போகுதில்லை அண்ணை, என்ன செய்யலாம்?" என்று கேட்டிருந்தார்.

போகாதுதான். படத்துக்குள் எழுத்து கிடையாது. கறுப்பும் வெள்ளையுமான புள்ளிகள்தான் இருக்கின்றன. மாற்றி என்பது ஒரு குறியை இன்னொரு குறியாக மாற்றுகிற கருவி, அதற்கு முதலில் குறி வேண்டும். ஆகவே படத்திலிருப்பதை யாராவது தட்டித்தான் ஆக வேண்டும். எதைத் தட்டுவது என்பதில்தான் இந்த இரண்டு படங்களும் வேறுபடுகின்றன. முதல் படத்தில் தமிழ் வடிவம் தெரிவதால் நேரே யூனிகோடில் தட்டிவிடலாம். அது எந்த எழுத்துருவில் அச்சானது என்று தேடத் தேவையே இல்லை. இரண்டாவது படத்தில் தெரிவது தமிழ் அல்ல, தமிழ் எழுத்துரு கழன்றுவிட்ட பிறகு மிஞ்சிய குறிகள். அதை எழுத்து மாறாமல் ஆங்கிலத்திலேயே தட்டி, அப்புறம் மாற்றியில் போட வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, நன்றாகத் தெரிகிற தமிழைப் பார்த்துவிட்டு "இது என்ன ஃபான்ட்?" என்று நாள் கணக்கில் தேடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

அந்த மூன்று வரிகள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியவை. பழைய எழுத்துருக்கள் ஒரு எழுத்துக்கு ஒரு பைட் மட்டுமே ஒதுக்கின. அதாவது மொத்தம் 256 இடங்கள், அதில் பாதி ஏற்கெனவே ஆங்கிலத்துக்கும் கட்டளைக் குறிகளுக்கும் போய்விட்டது. தமிழுக்கு 247 எழுத்து. எல்லாவற்றுக்கும் தனி இடம் கொடுக்க வழியில்லை என்பதால், கொம்பு, கால், சுழி, புள்ளி என்று வடிவத்தைத் துண்டு துண்டாக்கி அடுக்கினார்கள். பாமினி அந்தத் துண்டுகளை ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே வைத்தது. கணினியைப் பொறுத்தவரை நீங்கள் தட்டுவது `j` தான். எழுத்துரு அதற்குத் `த` என்ற சட்டையைப் போட்டுவிடுகிறது. அச்சகங்களில் பேஜ்மேக்கரில் வேலை செய்தவர்களுக்கு இது வசதியாக இருந்தது. விசை அமைப்பு தமிழ்த் தட்டச்சுப் பொறியை ஒட்டியது, பேஜ்மேக்கருக்கோ யூனிகோடு தெரியாது. சட்டை இல்லாத கணினியிலோ போனிலோ கோப்பைத் திறந்தால் உள்ளே இருக்கும் `jkpo;` வெளியே தெரிகிறது. தமிழ் என்ற சொல்லின் பாமினி உருவம் அதுதான்.

வேறு எழுத்துருக் குடும்பங்களின் குப்பை வேறு மாதிரி இருக்கும். தகுதரம் என்கிற டிஸ்கி, ஆங்கிலத்தைத் தொடாமல் மேல் பாதி 128 இடங்களில் தமிழை வைத்தது. ஆகவே அதில் தமிழ் என்ற சொல் `¾Á¢ú` என்று தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி வந்த டாப் குறியேற்றமும் அந்த மாதிரி மேல் பாதியைப் பயன்படுத்தியதுதான். படத்தைப் பார்த்தவுடனே ஓரளவு சொல்லிவிடலாம்: சாதாரண ஆங்கில எழுத்துகளும், நாலு எழுத்துக்கு ஒரு தடவை அரைப்புள்ளியும் வந்தால் பாமினி வகை. அந்த அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. தலையில் கோடும் வட்டமும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால் டிஸ்கி, டாப் வகை.

டிஸ்கி வகைக் குப்பை படமாக வந்தால் ஒரு ஆபத்து உண்டு. அதில் இகரம் இருந்த 0xAD என்ற இடம், மற்றக் கணினிகளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இணைகோட்டுக்கு உரியது. அதனால் திரையில் அந்த இடம் வெறுமையாகிவிடும், இலங்கை என்ற சொல் லங்கையாக நிற்கும். டிஸ்கி 1.7இல் இகரத்துக்கு 0xFE என்று மாற்று இடம் கொடுத்தது இதனால்தான். பாமினியில் இந்தப் பிரச்சினை இல்லை. எல்லாமே விசைப்பலகையில் நேரே தட்டக்கூடிய குறிகள் என்பதால், படத்தில் தெரிவதை அப்படியே தட்டலாம். எனக்கு வந்தது பாமினி என்பது அந்த வகையில் நல்ல காலம்.

அப்படியே தட்டலாம் என்று சொன்னேனே தவிர, அது கவனமில்லாமல் செய்கிற வேலை அல்ல. பாமினியில் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் வேறு வேறு. ஆங்கிலத்தில் c, o, s, u, v, w, x, z ஆகியவற்றின் சின்ன வடிவமும் பெரிய வடிவமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அளவில் மட்டுமே வித்தியாசம். பாமினியில் அந்த அளவு வித்தியாசம்தான் `x` ஒகரமா `X` ஓகாரமா, `v` எகரமா `V` ஏகாரமா, `w` றகரமா `W` று என்பதா என்று தீர்மானிக்கிறது. நம் வரிகளில் முதல் வரி `x` என்று சிறியதிலும் இரண்டாம் வரி `X` என்று பெரியதிலும் தொடங்குகின்றன. பக்கத்து எழுத்தின் உயரத்தோடு ஒப்பிட்டுத்தான் அதைப் பிரிக்க முடிந்தது. `p` என்பதும் `P` என்பதும் அவ்வளவு மோசமில்லை. சின்னது வரிக்குக் கீழே இறங்கும், பெரியது இறங்காது. சிறிய `l` டகரம், பெரிய `I` ஐகாரம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே செங்குத்துக் கோடு. `ghlk;` என்றால் பாடம். `ghIk;` என்று தட்டிவிட்டால் பாஐம் என்று வந்து நிற்கும். இது நல்ல பிழை, ஏனென்றால் உடனே கண்ணில் படும். சொல்லின் நடுவில் ஐ வந்தால் அங்கே டகரம்தான் இருந்திருக்கும்.

போனில் தட்டினால் இன்னொரு தொல்லை. வரியின் முதல் எழுத்தைப் போன் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். `jkpo;` என்று தட்டியது `Jkpo;` ஆகி, துமிழ் என்று மாறிவிடும். பாமினியில் பெரிய `J` என்பது து. வரித் தொடக்கங்கள் எல்லாம் உகரம் ஏறி வந்தால் காரணம் இதுதான். தானாகத் திருத்துகிற வசதி, தானாகப் பெரிய எழுத்தாக்குகிற வசதி இரண்டையும் அணைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். படத்திலிருந்து எழுத்தை எடுத்துத் தரும் மென்பொருளிடம் கொடுத்தாலும் இதே கதை. அது ஆங்கிலச் சொற்களைத் தேடும். `khzth;` என்பது அதற்கு எந்தச் சொல்லும் அல்ல, ஆகவே அரைப்புள்ளியைக் காற்புள்ளியாகவும் `l` என்பதை 1 ஆகவும் ஊகித்துவிடும். சில வரிகள்தான் என்றால் கையால் தட்டுவது வேகம்.

சரி, தட்டியாகிவிட்டது. இனி மாற்ற வேண்டும். சுரதாவின் பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வர்ட்டர் என்று பலர் கைக்குப் பழகிய கருவிகள் இருக்கின்றன. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் வெளியே வருவதை நம்பலாமா என்று பார்க்க முடியும். கொழும்பு என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பாமினியில் அது `nfhOk;G`. ஏழு குறிகள்: ஒற்றைக் கொம்பு, க, கால், ழு, ம, புள்ளி, பு. அதாவது காகிதத்தில் இடமிருந்து வலமாகக் கண்ணுக்குத் தெரிகிற வரிசை. யூனிகோடு அந்த வரிசையில் வைப்பதில்லை. அதற்கு முதலில் க, பிறகு ஒகரக் குறி, ழ, உகரக் குறி, ம, புள்ளி, ப, உகரக் குறி. எட்டுக் குறியீடுகள், நாம் எழுத்துக்கூட்டுகிற வரிசையில். கொம்பும் காலும் ககரத்துக்கு இரண்டு பக்கமும் நிற்பது திரையில் வரைகிற எழுத்துருவின் பொறுப்பு. ஆகவே மாற்றி மூன்று காரியம் செய்கிறது: முன்னால் நிற்கும் கொம்பைப் பின்னால் தள்ளுகிறது, கொம்பும் காலும் சேர்ந்து வந்தால் ஒகரமாக்குகிறது, ழு போன்ற ஒட்டு வடிவத்தை இரண்டாகப் பிரிக்கிறது.

இரண்டாவது காரியத்தை அரைகுறையாகச் செய்கிற கருவிகளும் உண்டு. எகரக் குறியையும் காலையும் தனித்தனியாக விட்டுவிடும். திரையில் கொ என்றுதான் தெரியும். ஆனால் உள்ளே இரண்டு குறியீடுகள், நீங்கள் விசைப்பலகையில் தட்டும் கொ-வில் ஒரே குறியீடு U+0BCA. சாதாரண உரைக் கோப்பில் கொழும்பு என்று தேடினால் கிடைக்காது. இதற்கு மருந்து எளிது. யூனிகோடு தரத்திலேயே இரண்டும் ஒன்று என்று சொல்லப்பட்டிருக்கிறது, என்.எஃப்.சி. என்ற இயல்பாக்கத்தைச் செய்தால் சேர்ந்துவிடும்.

மருந்து அவ்வளவு எளிதல்லாத இடம் ரகரம். நம் மூன்று வரிகளை ஒரு கருவி எழுத்துக்கு எழுத்து மாற்றினால் வருவது இது:

```
ஒளவையாா் விழா
ஓய்வுபெற்ற ஆசிாியா்கள் கெளரவிப்பு
வெளியீடு - பழைய மாணவா் சங்கம், யாழ்ப்பாணம்
```

பார்வைக்குப் பெரிய குறை தெரியாது. ஆனால் ஆசிரியர்கள் என்று தேடிப் பாருங்கள், கிடைக்காது. அங்கே ரகரமே இல்லை. ஆ, சி, கால், இகரக் கொக்கி, ய, கால், புள்ளி என்றுதான் இருக்கிறது. காரணம் மாற்றி அல்ல, தட்டியவர். தமிழ் அச்சில் ரகரத்தின் கீழே ஒரு சிறிய சாய்கால் இருக்கும். ஆனால் ர், ரி, ரீ என்று மேலே ஏதாவது ஏறும்போது அந்தச் சாய்காலை விட்டுவிட்டு, வெறும் காலின் மேல் புள்ளியோ கொக்கியோ வைத்து எழுதுவது நெடுநாளைய வழக்கம். கையெழுத்திலும் பலர் அப்படித்தான் எழுதுகிறோம். தட்டச்சாளருக்குத் தேவை காகிதத்தில் அழகான வடிவம். பாமினியில் `u` என்பது ரகரம், `h` என்பது கால். `Mrpupau;fs;` என்று தட்டுவதைவிட `Mrphpah;fs;` என்று தட்டினால் பார்க்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான். அவர்கள் என்பதும் `mth;fs;` என்றே தட்டப்பட்டது. காகிதத்துக்குப் போகும்வரை இதில் ஒரு தவறும் இல்லை. யூனிகோடுக்கு வந்ததும் அது காலும் புள்ளியுமாக நிற்கிறது. இணையத்தில் அவா்கள், ஆசிாியா் என்று ஆயிரக்கணக்கான பக்கங்கள் இப்படிக் கிடக்கின்றன. படிக்கிறவருக்குத் தெரியாது, தேடுகிறவருக்குக் கிடைக்காது. குருடர் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் அந்த இடத்தில் தடுமாறும். இதை அழகுப் பிரச்சினையாக நினைத்து விட்டுவிடக் கூடாது என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

நல்ல வேளையாக, இதற்குத் தப்பாத விதி ஒன்று உண்டு. கால் என்பது ஓர் உயிர்மெய்யின் முடிவு. அதன் தலையில் இன்னொரு கொக்கியோ புள்ளியோ தமிழில் ஏறவே முடியாது. ஆகவே காலுக்கு அடுத்து இகரக் குறி, ஈகாரக் குறி, புள்ளி ஆகியவற்றில் எது வந்தாலும் அந்தக் கால் ரகரம்தான். கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம்.

ஆனால் கொம்பு முன்னால் வந்திருந்தால் விஷயம் ஒரு படி சிக்கலாகிறது. பெரிய என்பது பாமினியில் `nghpa`. கொம்பு, ப, கால், கொக்கி, ய. கொம்பையும் காலையும் கண்டதும் மாற்றி ஒகரம் என்று முடிவு கட்டிவிடுகிறது: பொிய. அதேபோல சேர்ந்த என்பது `Nrh;e;j`, அது சோ்ந்த ஆகிறது. தெரியும் என்பது தொியும் ஆகிறது. இவற்றில் ரகரம் காலாக மாறியதோடு நிற்கவில்லை, கொம்போடு ஒட்டிக்கொண்டு உயிரையே மாற்றிவிட்டது. சாதாரணமாகக் காலைத் தேடினால் இது அகப்படாது, ஏனென்றால் கால் இப்போது ஒகரக் குறிக்குள் கரைந்திருக்கிறது. ஆனால் அடையாளம் அதேதான்: ஒகரக் குறியின் பின்னால் கொக்கியோ புள்ளியோ தமிழில் வராது. வந்தால் பிரித்து, எகரமும் ரகரமும் ஆக்க வேண்டும்.

அடுத்தது ஔகாரம். இதில் விதி பாதி வழிதான் கூட்டிப்போகும். ஔ என்ற எழுத்தின் வலது பக்கமும், கௌ என்பதன் கடைசித் துண்டும், ளகரமும் பார்வைக்கு ஒன்றே. பாமினி அதற்குத் தனி இடம் ஒதுக்கவில்லை, மூன்றுக்கும் `s` தான். ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் ஔவையார் என்பது ஒகரமும் ளகரமுமாக, ஒளவையார் என்று ஆகிறது. கௌரவிப்பு என்பது கெளரவிப்பு ஆகிறது. சரி, கொம்பு, மெய், ளகரம் என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் ஔகாரம் ஆக்கிவிடு என்று மாற்றிக்குச் சொல்லலாம். பல மாற்றிகளில் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். உடனே மூன்றாம் வரியில் `ntspaPL` கெட்டுப்போகும்: வௌியீடு. வெள்ளை, வெளிநாடு, தெளிவு, கெளிறு எல்லாவற்றுக்கும் அதே கதி. இணையத்தில் வௌிநாடு என்று கண்டால், எழுதியவருக்குத் தமிழ் தெரியாது என்று நினைக்காதீர்கள். அது இந்த விதியின் வேலை.

இங்கேயும் அடுத்த குறியைப் பார்த்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஔகாரக் குறியின் பின்னால் இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது பொய் ஔகாரம், எகரமும் ளகரமும் ஆகப் பிரிக்க வேண்டும். இதுவரை சொன்னதை எல்லாம் சேர்த்தால் இவ்வளவுதான் வருகிறது:

```python
import re, unicodedata

t = unicodedata.normalize("NFC", t)
m = "(?=[\u0BBF\u0BC0\u0BCD])"   # ி, ீ, புள்ளி
t = re.sub("\u0BBE" + m, "\u0BB0", t)
t = re.sub("\u0BCA" + m, "\u0BC6\u0BB0", t)
t = re.sub("\u0BCB" + m, "\u0BC7\u0BB0", t)
t = re.sub("\u0BCC(?=[\u0BBE-\u0BCD])", "\u0BC6\u0BB3", t)
```

`t` என்பது மாற்றியிலிருந்து வந்த உரை. `import` போக முதல் வரி கொம்பையும் காலையும் சேர்த்துவிடுகிறது. அப்புறம் மூன்று வரிகள் ரகரத்துக்கு, கடைசி வரி பொய் ஔகாரத்துக்கு.

எதிர்த்திசையில், அதாவது கெளரவம் என்று வந்துவிட்டதைக் கௌரவமாக்க, இப்படிக் குருட்டு விதி எழுத முடியாது. கதை, பேட்டி போன்றவற்றில் வெளக்கு, மெளகா என்று பேச்சு வழக்கு வரும். அங்கே உண்மையாகவே எகரமும் ளகரமும்தான். ஆகவே நான் ஒரு சிறு சொற்பட்டியல் வைத்திருக்கிறேன்: ஔவை, ஔடதம், கௌரவம், கௌதமர், சௌகரியம், சௌந்தரம், பௌர்ணமி, மௌனம், யௌவனம், வௌவால். ஔகாரம் வரும் சொற்கள் தமிழில் கொஞ்சம்தான் என்பதால் இந்தப் பட்டியலே பெரும்பாலும் போதும். அதில் இல்லாத சொல் வந்தால் கையால் பார்க்கிறேன். படத்தில் அவ்வையார் என்று வகரப் புள்ளியோடு எழுதியிருந்தால் அதைத் தொடக் கூடாது. அது எழுதியவர் தெரிந்து எழுதிய எழுத்துக்கூட்டல். ஒளவையார் என்பது எழுத்துக்கூட்டல் அல்ல, எழுத்துருவின் இடப்பற்றாக்குறை. பழையதைத் திரும்பத் தட்டுகிறவர் இந்த வித்தியாசத்தை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்: எழுதியவரின் பிழையைக்கூட அப்படியே விட்டுவைக்கலாம், எழுத்துருவின் பிழையை விடக் கூடாது.

வேறு சில சிறிய விஷயங்கள். பாமினியில் காற்புள்ளி விசையில் இகரம் உட்கார்ந்திருப்பதால், காற்புள்ளிக்கு `>` தட்டுவார்கள். மூன்றாம் வரியில் சங்கம் என்பதன் பின்னால் வருவது அதுதான். மாற்றிய உரையில் `>` மிஞ்சியிருந்தால் அது காற்புள்ளி. பூ என்பது `G+`, அதைக் கவனிக்காத மாற்றி பு+ என்று விட்டுவிடும். உரையின் நடுவே உண்மையான ஆங்கிலம் இருந்தால் அதையும் மாற்றி தமிழாக்கிவிடும். ஆசிரியர் ஒருவர் பெயருக்குப் பின்னால் இருந்த `B.A.` என்ற பட்டம் டீ.யு. ஆனது. மாற்றுவதற்கு முன்பே ஆங்கிலத் துண்டுகளைப் பிரித்து வைத்துவிடுவது நல்லது. மாற்றிய பிறகு டீ.யு. என்பதிலிருந்து பின்னோக்கிப் போவது சிரமம்.

இப்போது முதல் படத்துக்கு வருகிறேன், தமிழ் தமிழாகவே தெரிந்த படத்துக்கு. அதை எந்த யூனிகோடு விசைப்பலகையிலும் நேரே தட்டலாம். பாமினி விசை அமைப்பே கைக்குப் பழக்கம் என்றால், என்.எச்.எம். ரைட்டர் போன்றவற்றில் அதே அமைப்பை வைத்து யூனிகோடிலேயே தட்ட முடியும். பாமினி எழுத்துருவில் தட்டிவிட்டு மாற்றியில் போடுகிற இரட்டை வேலை வேண்டாம். ஆனால் விசைப்பலகை மாறினாலும் விரலின் பழக்கம் மாறுவதில்லை. ர் என்று வரும் இடத்தில் விரல் தானாக `h` பக்கம் போகும். அப்படி நேரே யூனிகோடில் தட்டியதிலும் காலும் புள்ளியும் வந்துவிடும், திரையில் சரியாகவே தெரியும். தட்டி முடித்ததும் காலையும் புள்ளியையும் சேர்த்து ஒரு முறை தேடிப் பார்த்துவிட வேண்டும். ஒன்றுகூடக் கிடைக்கக் கூடாது.

மிகப் பழைய அச்சு என்றால், ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கை வைத்தும், ணா, றா, னா ஆகியவை சுழித்தும் இருக்கும். தமிழ்நாட்டரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை போடுவதற்கு முந்தைய வடிவங்கள் அவை. இவற்றுக்கு யூனிகோடில் தனிக் குறியீடு தேட வேண்டாம். இன்றைய லை என்பதும் அன்றைய லை என்பதும் ஒரே குறியீடுதான், பழைய உருவம் வேண்டுமென்றால் எழுத்துருவை மாற்றினால் போதும். ஸ்ரீ மட்டும் கொஞ்சம் தொந்தரவு. பழைய எழுத்துருக்களில் அது ஒரே துண்டு. யூனிகோடில் ஸகரத்தை வைத்தும் தட்டலாம், 2005இல் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் தட்டலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். ஒரு நூல் முழுக்க ஏதாவது ஒன்றையே வைத்துக்கொண்டால் தேடும்போது பாதி விடுபடாது.

சரி, அந்த மூன்று வரிகள் கடைசியில் இப்படி வந்தன:

```
ஔவையார் விழா
ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கௌரவிப்பு
வெளியீடு - பழைய மாணவர் சங்கம், யாழ்ப்பாணம்
```

முதல் படத்தின் மங்கிய பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், எழுத்துக்கு எழுத்து ஒத்துவந்தது. இரண்டாம் படத்தின் கீழே ஒரு முகவரி இருந்தது: `Njhb tPjp`. மாற்றினால் தோடி வீதி. விதி எதுவும் குரல் கொடுக்கவில்லை. கொம்பு, த, கால், டி, எல்லாம் முறையாக நிற்கிறது. தோடி என்பது ஒரு ராகத்தின் பெயர், ஆகவே சொற்பட்டியலும் ஒப்புக்கொண்டது. முதல் படத்தில் அந்த இடம் சின்ன எழுத்தில், ஈரம் பட்ட மடிப்பின் மேல் இருந்தது. சாய்கால் இருக்கிறதா இல்லையா என்று எவ்வளவு பெரிதாக்கியும் தெரியவில்லை. அப்படியே அவருக்கு அனுப்பி, ஊரில் தோடி வீதி என்று ஒன்று உண்டா என்று கேட்டேன். சிறிது நேரத்தில் பதில் வந்தது: "அது தேரடி வீதியல்லோ. கோயில் தேர்முட்டிக்குப் பக்கத்தில. அங்கதான் எங்கட பழைய வாசிகசாலை இருந்தது."

தட்டியவர் அந்த ஒரு இடத்தில், கொக்கியும் புள்ளியும் இல்லாத வெறும் ரகரத்துக்கும் காலையே தட்டியிருந்தார். `h` என்று இருந்ததை `u` ஆக்கி, மறுபடி மாற்றியில் போட்டேன்.